சேர்ந்த தேதி

மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளையும் அறுவை அறைத் துணிகளையும் துவைத்துத் தேய்த்து அனுப்பும் அந்த ஆலையில் அறுபத்து நான்கு பேர் வேலை பார்த்தார்கள். அவர்கள் வேலைக்குச் சேர்ந்த தேதி, எடுத்த விடுப்பு, ஆஸ்பத்திரிச் சீட்டு, பெயர் மாற்றிய பத்திரம் எல்லாம் ஓர் இரும்பு அலமாரிக்குள் இருந்தன. அதன் சாவி இருபத்தொரு வருடமாக ஒரே பெண்ணிடம் இருந்தது. பணியாளர் பிரிவு அலுவலர் என்று கதவில் எழுதியிருந்தாலும் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அவளை ஃபைல் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஆலையை விற்கப்போகிறார்கள் என்ற பேச்சு ஒரு வருடமாகவே நீராவி மாதிரி கட்டடம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தத் திங்கட்கிழமை காலை முதலாளி அவளைக் கூப்பிட்டு, விற்றாகிவிட்டது என்று சொன்னார். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து ஆலை வேறு ஒரு பெரிய நிறுவனத்தின் கையில். அந்த நிறுவனத்துக்கு இதே மாதிரி ஆறு ஆலைகள் இருந்தன.

"எனக்கும் முடியலம்மா. பிள்ளைங்க யாரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டேங்கறாங்க. எத்தனை நாள்தான் இழுத்துட்டு ஓடறது?" என்றார் முதலாளி. அவர் கண்ணுக்குக் கீழே பை விழுந்திருந்தது. சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

எதிரே புது நிறுவனத்தின் ஆள் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். அந்தப் புழுக்கத்திலும் கழுத்தை இறுக்கிக் கட்டிய டை. மத்தியானத்துக்குள் ஆலை அவருக்கு டைக்காரர் என்று பெயர் வைத்துவிட்டது. அவர் மரியாதையாகப் பேசினார். சிரித்த முகம். ஒரு கட்டுக் காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"ஒண்ணுமில்ல மேடம், ஃபார்மாலிட்டிதான். ஆளுக்கு மூணு பேப்பர். முதல் பேப்பர் இங்க இருந்து விலகறதுக்கு. ரெண்டாவது எங்க கம்பெனியோட நியமனக் கடிதம். மூணாவது ஒரு ஒப்புதல். வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிக் கொடுத்துட்டீங்கன்னா, ஒண்ணாம் தேதி ஒரு தலைவலியும் இருக்காது."

"ஒருத்தருக்கும் வேலை போகாதே?"

"ஒருத்தருக்கும் போகாது. அதே வேலை, அதே மெஷின், அதே சம்பளம்."

அவள் முதல் காகிதத்தைப் படித்தாள். இரண்டாவதை மேலோட்டமாகப் பார்த்தாள். அன்று காலை ஷிப்டில் நான்கு பேர் வரவில்லை. இரண்டு பேரின் விடுப்புக் கணக்கு இடித்துக்கொண்டு நின்றது. மாத முடிவு வேறு. ஏன் விலகிவிட்டுத் திரும்பச் சேர வேண்டும் என்ற கேள்வி அவளுக்குள் எழத்தான் செய்தது. ஆனால் அதைக் கேட்டால் ஒரு பதில் வரும், பதிலுக்கு இன்னொரு கேள்வி கேட்க வேண்டியிருக்கும். அந்த வருடத்தில் அவளுக்கு எதையும் இரண்டாம் தடவை கேட்கத் தெம்பு இருக்கவில்லை. கட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

கையெழுத்து வாங்குவது கஷ்டமாக இல்லை. அதுதான் பின்னால் அவளை உறுத்தியது. துணி பிரிக்கும் இடத்தில் கையுறையைக் கழற்றிவிட்டு, "எங்க போடணும்க்கா?" என்று கேட்டார்கள். ஈரக் கை பட்டு மை கலங்காமல் இருக்க முழங்கையால் காகிதத்தை அழுத்திக்கொண்டு போட்டார்கள். உலர்த்தும் இயந்திரத்துக்காரன், "சொத்து எதுவும் எழுதி வாங்கலையே?" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். சாயங்காலத்துக்குள் இருபத்து இரண்டு பேர்.

அன்று கேட்டவர்களில் ஒரே ஒரு ஆள்தான் போடவில்லை. பாய்லர் அண்ணன். கொதிகலனைப் பார்த்துக்கொள்பவர், இருபத்தாறு வருடம் அங்கே இருப்பவர், தொழிலாளர்கள் சார்பில் நிர்வாகத்தோடு பேசுகிற பிரதிநிதியும் அவர்தான். காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"படிச்சுட்டுத் தரேன்மா. எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க நாளாகும்."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் சிட்டுவின் வீட்டுக்குப் போனாள்.

சிட்டு தேய்ப்புப் பிரிவில் பதினேழு வருடம் வேலை பார்த்தவள். ஆள் சின்னது, கை வேகம். விரிப்பு உருளையிலிருந்து வெளியே வரும்போதே மடிப்பு விழுந்துவிடும். ஐந்து மாதத்துக்கு முன் முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை ஆகி வீட்டில் படுத்திருந்தாள். பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு வருடம் வரை சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு என்பது ஆலையின் விதி. அந்த விடுப்பில்தான் இருந்தாள்.

மூன்றாவது மாடி, லிப்ட் இல்லை. கதவைத் திறந்த சிட்டுவின் கணவன், "வாங்கக்கா, இப்பத்தான் தூங்கி எழுந்தா" என்று உள்ளே கூட்டிப் போனான். வாடகைக் கார் ஓட்டுகிறவன். அவளைக் கவனிப்பதற்காக மத்தியான ஓட்டத்தை விட்டிருந்தான். சிட்டு இடுப்புப் பட்டையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தலையணை உறைகள் அடுக்கி இருந்தன. ஒவ்வொன்றும் கத்தி மாதிரி மடித்திருந்தது.

"சும்மா இருக்க முடியலக்கா. ஒரே உறையை நாலு தடவை பிரிச்சு மடிக்கிறேன். இவர் பார்த்துட்டு எனக்கு மூளைக்கும் ஆபரேஷன் பண்ணணும்ங்கறார்."

ஆலை கை மாறுவதை ஃபைல் அக்கா சொன்னாள். சிட்டு பயந்துதான் போனாள்.

"எனக்கு வேலை இருக்குமில்ல?"

"எல்லாருக்கும் இருக்குன்னு சொல்லியிருக்காங்க."

"நீ சொன்னா சரி." சிட்டு மூன்று காகிதத்தையும் வாங்கினாள். படிக்கவில்லை. முதுகை வளைக்க முடியாததால் தலையணையைத் தூக்கிப் பிடித்து அதன் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். "நீ கொண்டு வந்த பேப்பரைப் படிக்க ஆரம்பிச்சா அப்புறம் யாரைத்தான் நம்பறது?"

திரும்பி வரும் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. ஜன்னலோரம். பையிலிருந்து காகிதங்களை எடுத்து ஒழுங்காக அடுக்கப் போனவள், சிட்டுவின் நியமனக் கடிதத்தை முதல்முறையாக வரிவரியாகப் படித்தாள்.

நான்காவது பத்தி: இந்த நியமனம் பணியாளர் நேரில் வந்து பணியில் சேரும் நாளிலிருந்து நடைமுறைக்கு வரும். ஐந்தாவது: முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம். எட்டாவது: முதல் வருடத்தில் மருத்துவ விடுப்பு ஏழு நாள். மூன்றாவது காகிதத்தில் ஒரே ஒரு வாக்கியம்தான்: எனது முந்தைய பணிக்காலம் தொடர்பாகப் புதிய நிறுவனத்தின் மீது எனக்கு எந்த உரிமையும் இல்லை.

சிட்டுவால் நடந்து மாடிப்படி இறங்கவே இன்னும் இரண்டு மாதம் ஆகும். ஒன்றாம் தேதி அவளால் போய்ச் சேர முடியாது. சேரவில்லையென்றால் நியமனம் இல்லை. பழைய இடத்திலோ, அவளே விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். விடுப்பும் இல்லை, வேலையும் இல்லை. அரைமணி நேரத்துக்கு முன்னால் தலையணை மேல் வைத்து அதை எழுதி வாங்கிக்கொண்டு வந்தது வேறு யாருமில்லை.

அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கி, வெயிலில் திரும்பி நடந்தாள்.

வீட்டில் அவள் கணவன் பார்சல் கிடங்கிலிருந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டான்.

"உன் பேப்பர்ல நீ போட்டுட்டியா?"

"இல்ல. கடைசியில போடலாம்னு இருந்தேன்."

"அது ஒண்ணாவது நல்ல காலம். சரி, இப்ப என்ன பண்ணப்போற?"

"தெரியல. அசதியா இருக்கு."

"உனக்கு எப்ப அசதி இல்ல? கல்யாணத்தன்னிக்கே கொட்டாவி விட்டவதானே நீ" என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு அவள் கொதிகலன் அறைக்குப் போய் நின்றாள். பாய்லர் அண்ணன் அழுத்தமானியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னாள். அவர் அந்த மடித்த காகிதத்தைப் பையிலிருந்து எடுத்தார். பேனாவால் நிறையக் கோடு போட்டிருந்தார்.

"நான் நேத்தே படிச்சுட்டேன். எனக்கு ஒண்ணுதான் புரியல. நான் விலகிட்டு, நான் புதுசா சேர்ந்தா, நடுவுல இருபத்தாறு வருஷம் இங்க வெந்தவன் யாரு?"

"நேத்தே வந்து சொல்லியிருக்கலாமே அண்ணே."

"நீ நிர்வாகத்து ஆளும்மா. நீ எந்தப் பக்கம் நிக்கிறேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவளுக்கே திங்கட்கிழமை தெரிந்திருக்கவில்லை.

இருவரும் மதிய இடைவேளையில் தொழிலாளர் நல அலுவலகத்துக்குப் போனார்கள். சீட்டுக் கொடுத்தார்கள், நாற்பத்தேழாம் எண். பெஞ்சின் ஒரு கால் ஆடியது. பாய்லர் அண்ணன் உட்கார்ந்த இடத்திலேயே கண்ணயர்ந்தார். எண் வந்தபோது அவள் தோளைத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

அதிகாரி ஐம்பதைக் கடந்த பெண். மேசையில் கோப்புகளுக்கு நடுவே முகம் மட்டும் தெரிந்தது. மூன்று காகிதத்தையும் ஒரே மூச்சில் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"முதல்ல ஒண்ணு சொல்லுங்க. வித்தது கம்பெனியோட பங்குகளையா, இல்ல தொழிலையா?"

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?" என்றார் பாய்லர் அண்ணன்.

"இல்லைங்க. பங்குகளை மட்டும் வித்தா, கம்பெனி அதே கம்பெனி. மேல உட்கார்ந்திருக்கறவர் மாறுறார், அவ்வளவுதான். உங்களை வேலைக்கு வச்சது யாரோ அவங்ககிட்டயேதான் இருக்கீங்க. அங்க ராஜினாமாங்கற பேச்சுக்கே இடமில்ல. தொழிலை வித்தா, அதாவது மெஷின், வாடிக்கை, கட்டடம், ஆளுங்க எல்லாத்தையும் ஓடற ஓட்டத்துல வேற ஒரு கம்பெனிக்குக் கொடுத்தா, அப்பத்தான் வேலை கொடுக்கறவரே மாறுறார்."

"எங்களது ரெண்டாவது. நியமனக் கடிதத்துல வேற கம்பெனி பேரு இருக்கு" என்றாள் அவள்.

"சரி. அப்பவும் நம்ம சட்டத்துல ஆளுங்க தொழிலோட சேர்ந்துதான் போறாங்க. அதே ஒப்பந்தம், அதே நிபந்தனை. சேர்ந்த தேதியும் பழைய தேதிதான். புது முதலாளி பழைய முதலாளியோட இடத்துல வந்து நிக்கிறார். பணிக்காலம் அறுபடாது. புதுசா தகுதிகாண் காலம் போட முடியாது. யாருக்காவது போக இஷ்டமில்லன்னா வேண்டாம்னு சொல்லலாம், அது அவங்க விருப்பம். மத்தவங்க எதுலயும் கையெழுத்தே போட வேண்டியதில்ல. மாத்தறதுக்கு முன்னாடி உங்களுக்குத் தகவல் சொல்லணும், உங்க பிரதிநிதியோட பேசணும். பேசினாங்களா?"

"நான்தான் பிரதிநிதி. எங்கிட்ட யாரும் ஒரு வார்த்தை பேசல" என்றார் அண்ணன்.

"விடுப்புல இருக்கறவங்க?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. திரும்பக் கேட்டாள். "மருத்துவ விடுப்புல வீட்டுல இருக்கறவங்க?"

"விடுப்புல இருந்தாலும் அன்னிக்கு அவங்க ஊழியர்தானே? அவங்களும் போறாங்க, விடுப்போட."

"ஆனா விலகறதா எழுதிக் கொடுத்திருந்தா?"

அதிகாரி காகிதத்தைத் திரும்பப் பார்த்தார். "அதுக்காகத்தான் இதை வாங்கறாங்க. எழுதிக் கொடுத்துட்டா நீங்களா விலகினீங்கன்னு ஆயிடும். தொழிலை வித்ததுக்காகக் கட்டாயப்படுத்தி வாங்கினது, இது செல்லாதுன்னு வழக்குப் போடலாம். ஜெயிக்கவும் வாய்ப்பு இருக்கு. ஆனா மூணு வருஷம் ஆகும், நாலு வருஷம் ஆகும். என் மேசையைப் பார்க்கறீங்கல்ல? கையெழுத்துப் போடாம இருக்கறதுதான் சுலபம். போட்டதை ஒண்ணாம் தேதிக்கு முன்னாடி திருப்பி வாங்கறது அதுக்கு அடுத்தது. நான் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் அனுப்பறேன். போய்ச் சேரப் பத்து நாளாகும்."

முதல் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது.

வெளியே வந்து நிறுத்தத்தில் நிற்கும்போது பாய்லர் அண்ணன், "போட்டவங்ககிட்ட நான் பேசறேன். நீ பேசினா அழுதுடுவ போலிருக்கு" என்றார்.

பேருந்தில் அவளுக்கு வேறொரு ஞாபகம் வந்தது. இரண்டு மாதத்துக்கு முன் முதலாளி அவளிடம் ஒரு பட்டியல் கேட்டிருந்தார். ஒவ்வொருவரும் சேர்ந்த தேதி, எத்தனை வருடம், எவ்வளவு விடுப்பு மீதி. எதற்கென்று சொல்லவில்லை. அவள் ஒரு வாரம் உட்கார்ந்து அறுபத்து நான்கு பேருக்கும் போட்டுக் கொடுத்தாள். பழைய பணிக்காலம் வேண்டாமென்று எழுதி வாங்குகிறவர்களுக்கு எல்லோருடைய சேர்ந்த தேதியும் எதற்கு?

வியாழக்கிழமை காலை முதலாளி வந்து உட்காரும் முன்பே அவர் அறை வாசலில் நின்றாள்.

"சார், அந்தப் பட்டியலை யாருக்குக் கொடுத்தீங்க?"

"அவங்களுக்குத்தான். ஒப்பந்தத்தோட இணைப்புல இருக்கு. ஏன்?"

"ஆளுங்களைப் பத்தி ஒப்பந்தத்துல என்ன போட்டிருக்குன்னு ஒரு தடவை பார்க்கலாமா சார்?"

அவருக்கு எரிச்சல் வந்தது. "எல்லாம் வக்கீல் பார்த்துக்கிட்டார்மா" என்று சொல்லிக்கொண்டே அலமாரியிலிருந்து தடித்த கோப்பை எடுத்துப் போட்டார். அவள் நின்றபடியே புரட்டினாள். காகிதத்தில் தேடுவது அவளுக்குக் கை வந்த வேலை. பன்னிரண்டாம் பிரிவில் இருந்தது. எல்லா ஊழியர்களையும் அவர்களுடைய முந்தைய பணிக்காலத்தோடு புதிய நிறுவனம் ஏற்றுக்கொள்கிறது. அந்தப் பணிக்காலத்துக்கான பொறுப்பு இனித் தங்களுடையது என்பதால், அதற்கு ஈடான தொகையை விற்பனை விலையில் கழித்துக்கொள்கிறது.

அவள் சத்தமாகப் படித்தாள். முதலாளி தலையாட்டினார். "ஆமா. கழிச்சாங்க. நல்லாவே கழிச்சாங்க. அதுக்கென்ன?"

"அடுத்ததையும் படிக்கிறேன் சார். ஒண்ணாம் தேதிக்கு முன்னாடி வேலையை விட்டுப் போனவங்களுக்குச் சேர வேண்டியதெல்லாம் விற்பவரோட பொறுப்பு."

"சரி."

அவள் பையிலிருந்து ஒரு ராஜினாமாக் கடிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "இது யாருக்கு எழுதியிருக்கு பாருங்க சார்."

அவர் குனிந்து பார்த்தார். மேலே அவருடைய கம்பெனியின் பெயர் இருந்தது. தேதிக்கான இடத்தில் மாதத்தின் கடைசி நாள் அச்சடித்திருந்தது.

"அறுபத்து நாலு பேரும் உங்ககிட்ட இருந்துதான் விலகறாங்க. ஒண்ணாம் தேதிக்கு முந்தின நாள். பணிக்கொடை, மீதி விடுப்பு எல்லாம் அன்னிக்கே உங்ககிட்ட வந்து நிக்கும். அதுக்குன்னு ஏற்கெனவே விலையில கழிச்சாச்சு. ஒரே விஷயத்துக்கு நீங்க ரெண்டு தடவை கொடுக்கறீங்க. அவங்க ஒரு தடவைகூடக் கொடுக்கல."

முதலாளியின் காது மடல் சிவந்தது. இத்தனை வருடத்தில் ஆட்கள் பற்றி அவள் எவ்வளவோ வந்து சொல்லியிருக்கிறாள், அப்போதெல்லாம் பார்க்கலாம் என்பார். இப்போது அவர் தொலைபேசியை எடுத்த வேகத்தில் மேசையிலிருந்த பேனா உருண்டு விழுந்தது. அவருக்குக் கோபம் வந்தது சிட்டுவுக்காக இல்லை, பாய்லர் அண்ணனுக்காகவும் இல்லை. தன்னை ஏமாளி ஆக்கப் பார்த்தார்களே என்றுதான். அது அவளுக்குத் தெரிந்தது. யாருக்காக வந்த கோபமானால் என்ன, வந்தால் போதும் என்று நின்றாள்.

டைக்காரர் பதினோரு மணிக்கு வந்தார். அதற்குள் பாய்லர் அண்ணனும் அறைக்குள் வந்து சுவரோரம் நின்றிருந்தார், கையில் துடைக்கிற துணியோடு.

"சார், நீங்க இதைத் தப்பா எடுத்துக்கறீங்க. எங்க மத்த ஆலைகள்லயும் இப்படித்தான் செஞ்சோம்" என்றார் டைக்காரர்.

"அங்க யாரும் பன்னிரண்டாம் பிரிவைப் படிக்கல போலிருக்கு" என்றார் முதலாளி.

"இது வெறும் பதிவுக்காக..."

"பதிவுக்காகன்னா எங்க தேதியை ஏன் அழிக்கணும் தம்பி?" பாய்லர் அண்ணன் குரலை உயர்த்தாமல் கேட்டார். "நாங்க எல்லாரும் உங்ககூட வரோம். ஒருத்தரும் வேண்டாம்னு சொல்லல. ஆனா யாரும் விலகல. திங்கட்கிழமை போட்டவங்களும் திருப்பிக் கேக்கறாங்க, இதோ எழுதிக் கொடுத்திருக்காங்க." சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். எண்ணெய்க் கறையோடு இருபத்து இரண்டு கையெழுத்து. "இருபத்து மூணாவது ஆள் வீட்டுல படுத்திருக்கா. அவளுக்கு இந்த அக்கா பேசுவாங்க."

டைக்காரர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "மேடம், நீங்க நிர்வாகத்துல இருக்கீங்க."

"ஆமா சார். ஆளுங்க கோப்பைச் சரியா வச்சிருக்கறதுதான் என் வேலை. விலகாதவங்களை விலகினதா எழுதி வைக்க முடியாது."

அவர் வராந்தாவுக்குப் போய் நாற்பது நிமிடம் தொலைபேசியில் பேசினார். கண்ணாடி வழியாகப் பார்த்தபோது டையைத் தளர்த்திவிட்டிருந்தார். முதல்முறையாக அவள் அவரையும் ஒரு வேலைக்காரராகப் பார்த்தாள். மேலே யாரோ திட்டிக்கொண்டிருந்தார்கள், இவர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

உள்ளே வந்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது. பழைய மூன்று காகிதமும் வேண்டாம். அதற்குப் பதில் ஒரு பக்கக் கடிதம், ஆளுக்கு ஒன்று: தங்கள் பணி முறிவின்றிப் புதிய நிறுவனத்துக்கு மாற்றப்படுகிறது, சேர்ந்த தேதியும் நிபந்தனைகளும் மாறாது. யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. பெற்றுக்கொண்டதற்கு மட்டும் சுருக்கொப்பம்.

"விடுப்புல இருக்கறவங்களுக்கும்" என்றாள் அவள்.

"அவங்களுக்கும்."

"அதை அந்தக் கடிதத்துலயே எழுதிடுங்க சார்."

எழுதினார்கள்.

வெள்ளிக்கிழமை அவள் மறுபடி மூன்று மாடி ஏறினாள். சிட்டுவின் ராஜினாமாக் கடிதத்தையும் மற்ற இரண்டு காகிதத்தையும் அவளிடம் கொடுத்து, இதெல்லாம் என்ன, அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். இடையில் கணவன் சமையலறையிலிருந்து வந்து வாசலில் நின்றான். சிட்டு ராஜினாமாக் கடிதத்தை முழுக்கப் படித்தாள். பிறகு மற்ற இரண்டையும் படித்தாள். உதடு அசைந்தது.

"நீ இதைப் படிச்சுட்டா கொண்டு வந்த?"

"பாதி படிச்சேன்."

"பாதி படிச்சுட்டு எங்கிட்ட நீட்டினியா?"

"ஆமா."

சிட்டு காகிதங்களை மடியில் போட்டாள். "என் முதுகு போச்சு. வேலையும் போயிருந்தா இவர் என்ன பண்ணுவார்னு நினைச்சியா? ராத்திரியும் வண்டி ஓட்டுவார். உனக்கு ஒரு கேள்வி கேக்க முடியலன்னா நீ எதுக்குக்கா அங்க உட்கார்ந்திருக்க?"

கணவன், "விடு, அவங்கதானே சரி பண்ணிக் கொண்டு வந்திருக்காங்க" என்றான்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் சிட்டு.

ஃபைல் அக்கா பையைத் திறந்தாள். புதுக் கடிதத்தைக் கொடுத்தாள். சிட்டு அதை இரண்டு தடவை படித்தாள். தன் சேர்ந்த தேதியை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகுதான் சுருக்கொப்பம் போட்டாள். கிளம்பும்போது வாசல்வரை யாரும் வரவில்லை. படியில் இறங்கும்போது முட்டி வலித்தது.

முதல் தேதி வந்தது. பாய்லர் அண்ணன் வழக்கம்போல ஐந்து மணிக்குக் கொதிகலனை மூட்டினார். ஒன்பது மணிக்கு இரண்டு பேர் ஏணி வைத்துப் பழைய பெயர்ப்பலகையை இறக்கிப் புதியதை மாட்டினார்கள். உலர்த்தும் இயந்திரத்துக்காரன், "நம்ம துணிக்கு இது தெரியுமா?" என்று கேட்டுவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். அன்று நடந்தது அவ்வளவுதான்.

சிட்டு இரண்டரை மாதம் கழித்து வேலைக்கு வந்தாள். மருத்துவர் பளு தூக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்ததால் துணி எண்ணும் இடத்தில் உட்கார வைத்தார்கள். அவளிடம் ஃபைல் அக்கா வந்து பேசினால் பதில் சொல்வாள், முகம் கொடுக்கமாட்டாள். நான்காவது வாரம், சாப்பாட்டு மேசையில் தானாகவே நகர்ந்து இடம் விட்டாள்.

ஏழாவது மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து ஃபைல் அக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது. ஏழு ஆலைகளின் பணியாளர் பிரிவும் இனி ஒரே இடத்தில். நோட்டீஸ் காலம் முடிந்ததும் இங்கே அந்தப் பதவி இல்லை. அவளுக்கு அது வராமலிருந்தால்தான் ஆச்சரியம். டைக்காரரே நேரில் வந்து கொடுத்தார். முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டார்.

"நோட்டீஸ் காலம் உங்க மொத்தச் சர்வீஸுக்கும் கணக்குப் போட்டிருக்கோம் மேடம். சேர வேண்டியதும் அப்படித்தான். சரியா இருக்கான்னு பார்த்துக்குங்க."

அவள் பார்த்தாள். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, அவர் எதிரிலேயே உட்கார்ந்து நிதானமாகப் படித்தாள். அவர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். அவள் அவசரப்படவில்லை. ஒரு இடத்தில் மீதி விடுப்பு மூன்று நாள் குறைந்திருந்தது. சுட்டிக் காட்டினாள். அவர் திருத்தி எழுதித் தந்தார்.

அன்று பேருந்தில் நின்றுகொண்டே வந்தாள். வீட்டில் கணவனிடம் சொன்னபோது அவன், "சரி, இனிமேலாவது கொஞ்சம் தூங்கு" என்றான். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து படுத்தாள். தூக்கம் வரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே படுத்திருந்தாள். பிறகு எழுந்து, நாளைக்கு வேலைக்குக் கட்டிக்கொள்ள வேண்டிய புடவையைத் தேய்க்கப் போனாள்.